14 வயதுப் பையனுக்கு எந்த சைஸ்? வயதைக் கேட்காதீர்கள்

காரைக்குடியில் என் ரெடிமேட் கடைக்குப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும், பையனைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்: "தம்பிக்கு என்ன வயசு, ஆச்சி?" நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் கேட்டேன். எட்டு, ஒன்பது வயதுவரை அது ஓரளவு ஒத்துவரும். 12 தாண்டிவிட்டால் வராது. 150 செ.மீ. பையனும் 170 செ.மீ. பையனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள், இருவருக்கும் வயது 14. அந்த வயதில் உயரத்தையும் மார்பளவையும்தான் நம்ப வேண்டும். சைஸ் எடுக்கும்போது நடக்கும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

இரண்டு 36-உம் ஒன்று என்று நினைப்பது

பிள்ளைகள் சட்டையில் 36 என்று போட்டிருந்தால் அது அந்தக் கம்பெனியின் வரிசை எண்ணாக இருக்கலாம். பெரியவர்கள் சட்டையில் 36 என்றால் போடுகிறவரின் மார்பு 36 இன்ச் என்று அர்த்தம். பிள்ளைகள் 36 பத்தவில்லை என்று நேராகப் பெரியவர்கள் 38-ஐ எடுத்துவிடாதீர்கள்.

"வளர்ற பிள்ளைதானே" என்று பெரிதாக எடுப்பது

இதை இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. கடை தொடங்கிய புதிதில், அப்பச்சியின் சாந்தி கல்யாணத்துக்கு என்று ஒரு பையனை அழைத்து வந்தார்கள். வயது 14, நெடுநெடு என்று வளர்ந்திருந்தான். "14-15 வயது" சட்டையைப் போட்டால் மணிக்கட்டுக்கு இரண்டு இன்ச் மேலேயே கை நின்றது. "பெரியவுக சைஸே குடுங்க தம்பி, 40 குடுங்க. ரெண்டு வருஷம் போடட்டும்" என்றார் ஆச்சி. நானும் கொடுத்துவிட்டேன். கை நீளம் சரியாகத்தான் இருந்தது, தோள் தையல் மட்டும் புஜத்தில் தொங்கியது. மறுநாள் காலையில் திருத்தித் தரச் சொல்லி வந்தார்கள்.

தோளைத் திருத்துவது லேசான வேலை இல்லை. கையைக் கழற்றி, தோளை வெட்டி, அக்குள் வளைவையும் புதிதாக வெட்டி, மறுபடி கை பூட்ட வேண்டும். கழுத்துப் பட்டி அப்போதும் பெரிதாகவே நிற்கும். முழுச் சட்டை தைக்கும் கூலி ஆகிவிட்டது. அந்தப் பணத்தை நான்தான் போட்டேன். படங்களில் அந்தப் பிள்ளை அண்ணன் சட்டையை வாங்கிப் போட்டவன் மாதிரிதான் நின்றான்.

அன்று நான் டேப்பை எடுத்திருக்க வேண்டும். அவன் உயரம் 166 செ.மீ., மார்பு 31 இன்ச். பையன்களுக்கு முதலில் காலும் கையும் நீளும், தோளும் மார்பும் பின்னால்தான் அகலமாகும். அதனால் உயரத்துக்குப் பெரியவர்கள் சைஸ் வேண்டும், மார்புக்கு அதிலேயே மிகச் சிறியது வேண்டும். 36-இல் ஸ்லிம் ஃபிட் என்று வருவதைப் போட்டுப் பார்த்து, தோள் தையல் தோள் எலும்பின் முனையில் உட்காருகிறதா என்று முதலில் பாருங்கள். அரை இன்ச் இறங்கினால் பரவாயில்லை.

அந்தச் சட்டையின் மார்புச் சுற்று 39 இன்ச் என்று வையுங்கள். 31 இன்ச் மார்புக்கு 8 இன்ச் லூஸ் அதிகம், 4 அல்லது 5 போதும். இரண்டு பக்கத் தையலையும் முக்கால் இன்ச் உள்ளே தள்ளினால் மொத்தம் 3 இன்ச் குறைந்து 36 ஆகிவிடும். உள்ளே வரும் துணியை வெட்டச் சொல்லாதீர்கள். மார்பு அகலமானதும் அந்தத் தையலைப் பிரித்துவிட்டால் அதே சட்டை மறுபடி சேரும். ஆச்சி கேட்ட அந்த இரண்டு வருஷத்துக்கு வழி இதுதான்.

பெண் பிள்ளைகளுக்குக் கணக்கு பல சமயம் தலைகீழாக இருக்கும். உயரம் 150 செ.மீ.தான், மார்பளவு 34 இன்ச் வந்திருக்கும். அங்கே மார்புக்குப் பொருந்துவதை எடுத்து நீளத்தை மடியுங்கள். உயரத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சைஸ் டாப் எடுத்தால் மார்பில் இறுக்கும், இல்லாத துணியைச் சேர்க்க முடியாது.

டேப்புக்குள் விரல் விடுவது

வேண்டாம். லூஸ் சட்டையிலேயே இருக்கிறது. பனியன் மேல், அக்குளுக்குக் கீழே, முதுகில் டேப் இறங்காமல், சாதாரணமாக மூச்சு விட்டதும் அளவைப் படியுங்கள்.

செருப்போடு உயரம் எடுப்பது

வெறும் காலோடு, குதிகால் சுவரில் ஒட்ட நிற்க வையுங்கள். தலையில் ஒரு அட்டையை மட்டமாக வைத்துக் குறியுங்கள்.

பேன்ட்டையும் மார்பளவை வைத்து எடுப்பது

அதற்கு இடுப்பும் உள்கால் நீளமும்தான்.

போன தீபாவளி அளவை நம்புவது

இந்த வயதில் ஒரே வருஷத்தில் 8, 9 செ.மீ. வளர்ந்துவிடும் பிள்ளைகள் உண்டு. ஊரிலிருந்து போனில் சைஸ் சொல்லி எடுத்து வைக்கச் சொன்னால், அன்றைக்கு அளந்து சொல்லச் சொல்லுங்கள்.