ஸ்கூல் டிராமா கிளப்புக்கு புக் வாங்குறப்போ பண்ணக்கூடாத தப்புகள்

அழுகைக்காகப் பசங்களோட பழைய சோகத்தைக் கிளறாதீங்க

ட்ரெய்னிங் இல்லாம கிளப்ப நடத்த வர்றவங்க முதல்ல வாங்குறது பெரும்பாலும் ரஷ்ய நாடக டைரக்டர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியோட 'ஆன் ஆக்டர் ப்ரிப்பேர்ஸ்' தான். அருமையான புக், ஆனா அதுல உணர்ச்சி நினைவு, அதாவது நடிகர் தன்னோட பழைய அனுபவத்த நினைச்சு உணர்ச்சிய வரவழைக்கிறது, பத்தி வர்ற அத்தியாயத்த மட்டும் புடிச்சுக்கிறாங்க, அதுதான் எனக்கு இன்னைக்கும் கோவம் வர்ற விஷயம்.

ஒரு ரிகர்சல்ல பார்த்தேன். கதையில அம்மா செத்துட்டாங்க, மக அழணும். நடத்துறவங்க அந்தப் பொண்ணுகிட்ட "உன் பாட்டி போன நாளை நினைச்சுக்கோ"ன்னுட்டாங்க. அது தேம்பித் தேம்பி அழுதுச்சு, டயலாக் ஒரு வரி வரல, கூட நடிச்ச பசங்க மிரண்டு நின்னாங்க. அடுத்த ரிகர்சல்ல எவ்வளவு நினைச்சும் அழுகையே வரல.

ஸ்டானிஸ்லாவ்ஸ்கியே கடைசி காலத்துல உடம்பால செய்ற செயலுக்குத்தான் முக்கியத்துவம் கொடுத்தார். உள்ள நடக்கிறதையும் உடம்பு, குரலையும் சேர்த்துத்தான் அவர் எழுத நினைச்சார், ஆனா இங்கிலீஷ்ல முதல் பாதி 1936ல வந்துச்சு, அடுத்த பாதியான 'பில்டிங் எ கேரக்டர்' 1949லதான் வந்துச்சு. முதல் புக்கோட நிறுத்துறவங்களுக்கு பாதி விஷயம்தான் கிடைக்குது.

அதே சீனுக்கு "அழு"ன்னு சொல்லாம ஒரு வேலை கொடுங்க. அம்மாவோட துணியெல்லாம் மடிச்சுப் பெட்டியில வைக்கணும், தம்பி உள்ள வர்றதுக்குள்ள முடிக்கணும், அவன் பார்த்துடக்கூடாது. ஒரு புடவைகிட்ட வந்ததும் கை தானா தயங்கும், பார்க்கிறவங்களுக்கு அதுவே போதும், எத்தனை தடவை வேணா திரும்பச் செய்யலாம். சீன் முடிஞ்சதும் "என்ன பண்ணிட்டிருந்தே?"ன்னு கேளுங்க. "சோகமா இருந்தேன்"னு சொன்னா அந்தப் புள்ளைக்கு வேலை புரியல, "தம்பி வர்றதுக்குள்ள மறைக்கப் பார்த்தேன்"னா சரியா வந்துருச்சு.

புக்கு முழுசையும் படிச்சு முடிச்சுட்டு ஆரம்பிக்கலாம்னு இருக்காதீங்க

நாடக விளையாட்டு புக்குன்னா ஒரு கேம் படிங்க, அன்னைக்கே ஆட வைங்க.

"சத்தமா பேசு"ன்னு கத்தாதீங்க

குரல் பயிற்சி கொடுத்த சிசிலி பெர்ரியோட 'வாய்ஸ் அண்ட் தி ஆக்டர்'ல மூச்சு பத்தின பகுதியப் பாருங்க, ஆரம்பத்துக்கு அது போதும்.

ஸ்க்ரிப்ட்லேர்ந்து தொடங்காதீங்க

விளையாட்டுலேர்ந்து தொடங்குங்க. அதுக்கு நான் முதல்ல வாங்கச் சொல்றது நாடக விளையாட்டுகள உருவாக்கின வயோலா ஸ்போலினோட 'இம்ப்ரோவைசேஷன் ஃபார் தி தியேட்டர்' (1963), பெருசா இருக்குன்னு தோணினா அவங்களே டீச்சர்ஸுக்காக எழுதின 'தியேட்டர் கேம்ஸ் ஃபார் தி கிளாஸ்ரூம்' (1986).

'இம்ப்ரோவைசேஷன் ஃபார் தி தியேட்டர்'ல ஒரு பயிற்சி: பசங்கள ரெண்டா பிரிச்சு ஒரு பாதிய மேடையில சும்மா நிக்க வைக்கணும், மறுபாதி அவங்களையே பார்க்கணும், யாரும் பேசக்கூடாது. கொஞ்ச நேரத்துல மேல நிக்கிறவங்க நெளிவாங்க, இளிப்பாங்க, கைய எங்க வைக்கிறதுன்னு தெரியாது. எல்லாருக்கும் சங்கடம் வந்த அப்புறம் "இந்த ரூம்ல இருக்கிற பலகைய எண்ணு, நாற்காலிய எண்ணு"ன்னு ஏதாவது எண்ணச் சொல்லுங்க, நெளிசல் அடங்குற வரைக்கும் எண்ணிட்டே இருக்கட்டும். அப்புறம் ரெண்டு பக்கமும் இடம் மாத்துங்க. முடிஞ்சதும் "முதல்ல உடம்பு எப்படி இருந்துச்சு, எண்ணுறப்போ எப்படி இருந்துச்சு"ன்னு அவங்களையே சொல்ல விடுங்க, நீங்க முந்திக்கிட்டு விளக்கிடாதீங்க.