ஒர்க்‌ஷீட் கணக்கைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த டியூஷன் அக்காவுக்கு நன்றிக் கடிதம் எழுதுவது எப்படி?

"நீங்கள் எனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தீர்கள். மிக்க நன்றி." பெரும்பாலான பிள்ளைகளின் கடிதம் இந்த இரண்டு வரியோடு நின்றுவிடுகிறது. இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் இதே வரியை ஓவிய வகுப்பு மாஸ்டருக்கும் கொடுக்கலாம், நீச்சல் சொல்லிக்கொடுத்தவருக்கும் கொடுக்கலாம்.

சொல்லிக்கொடுப்பவர் ஒரே கணக்கை மூன்று விதமாக விளக்கிப் பார்ப்பார். கடைசியில் பிள்ளை "புரிஞ்சிடுச்சு" என்று தலையாட்டும். அந்த மூன்றில் எது புரியவைத்தது என்பது அவருக்குத் தெரியாது. அதைச் சொல்வதுதான் நல்ல நன்றிக் கடிதம். அடுத்த வருடம் இன்னொரு பிள்ளை அதே இடத்தில் தடுக்கும்போது, அவர் நேராக அந்த விளக்கத்துக்கே போகலாம்.

இந்தப் பதிவில் பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாட்டுக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு கடிதத்தை முழுவதுமாக எழுதிக் காட்டுகிறேன். வேறு பாடமாக இருந்தாலும் வழி இதேதான்.

1. முதலில் ஒர்க்‌ஷீட்டை எடுங்கள்

கடிதத் தாளை அப்புறம் எடுக்கலாம். திருத்திய ஒர்க்‌ஷீட்டையும் அன்று போட்டுப் பார்த்த ரஃப் நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கணக்கைத் தேர்ந்தெடுங்கள். அதிகம் அழித்து எழுதிய கணக்கு, ஓரத்தில் அக்காவின் பென்சில் எழுத்து இருக்கும் கணக்கு, இந்த இரண்டில் ஒன்றாக இருந்தால் நல்லது. பத்துக் கணக்கையும் கடிதத்தில் கொண்டுவர வேண்டாம். அது மதிப்பெண் பட்டியல் மாதிரி ஆகிவிடும்.

நாம் எடுத்துக்கொள்ளும் கணக்கு: 2x² − 7x + 3 = 0. சூத்திரத்தைப் பயன்படுத்தித் தீர்க்க வேண்டும்.

2. எங்கே தடுக்கியது என்று ஒரு வரியில் எழுதுங்கள்

"எனக்குக் கணக்கு வராது" என்பது தடுக்கிய இடம் அல்ல. எந்த ஸ்டெப், எந்தக் குறி, எந்த எண் என்று கைவைத்துக் காட்ட முடிய வேண்டும்.

சூத்திரம் x = (−b ± √(b² − 4ac)) / 2a. இந்தக் கணக்கில் a = 2, b = −7, c = 3. பல பிள்ளைகள் −b இருக்கும் இடத்தில் −7 என்றே எழுதிவிடுவார்கள். b-யிலேயே ஒரு மைனஸ் இருக்கிறது, சூத்திரத்தில் இன்னொரு மைனஸ் இருக்கிறது, இரண்டும் சேர்ந்து +7 ஆக வேண்டும் என்பது கண்ணில் படாது. வர்க்கமூலத்துக்குள் இருப்பது 49 − 24 = 25 என்று சரியாகவே வந்துவிடுவதால் சந்தேகமும் வராது. விடை (−7 ± 5) / 4, அதாவது −1/2, −3 என்று முடியும். சரியான விடை 1/2, 3. எண்கள் அதே, குறி மட்டும் தலைகீழ்.

எனவே தடுக்கிய இடம்: "−b-க்கு 7 போடாமல் −7 போட்டேன்." இந்த ஒரு வரி போதும்.

3. அக்கா என்ன செய்தார் என்று எழுதுங்கள் (சிக்கலே இங்கேதான்)

இந்த இடத்தில்தான் எல்லோரும் "பொறுமையாக", "அன்பாக", "தெளிவாக" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பொறுமையைப் பெயர் சொல்லி எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அது நடந்த விதத்தை எழுதினால் தானாகத் தெரிந்துவிடும். அதை ஞாபகத்துக்குக் கொண்டுவர மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் எப்படிச் சொன்னார், அது ஏன் பிடிபடவில்லை? அப்புறம் எதை மாற்றினார்? விடையை அவர் சொன்னாரா, நம்மையே கண்டுபிடிக்க வைத்தாரா?

நம் கணக்கில் அது இப்படி நடந்திருக்கலாம். முதலில், "மைனஸும் மைனஸும் ப்ளஸ்" என்றார். அந்த விதி பிள்ளைக்கு முன்பே தெரியும். ஆனால் இரண்டாவது மைனஸ் தாளில் கண்ணுக்குத் தெரியாததால் விதியை எதில் போடுவது என்று புரியவில்லை. அடுத்து, வந்த விடையைச் சமன்பாட்டில் போட்டுப் பார்க்கச் சொன்னார். x = −3 என்று பிரதியிட்டால் 18 + 21 + 3 = 42. பூச்சியம் வர வேண்டிய இடத்தில் 42. தவறு இருப்பது தெரிந்தது, எங்கே என்று தெரியவில்லை. மூன்றாவதாக, சூத்திரத்தை எழுதும் முன் a, b, c மூன்றையும் தனி வரியில் குறியோடு எழுதச் சொன்னார். பிறகு b வரும் இடத்தில் எல்லாம் வெறும் அடைப்புக்குறியைப் போட்டுவிட்டு, உள்ளே −7-ஐ அப்படியே நிரப்பச் சொன்னார். −(−7) என்று தாளில் வந்ததும் இரண்டு மைனஸும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. பிள்ளையே 7 என்று சொன்னது.

மூன்றையும் நீட்டி எழுத வேண்டாம். பலித்ததை விரிவாகவும் மற்றதை அரை வரியிலும் எழுதுங்கள். "இரண்டு முறை சொல்லியும் புரியவில்லை" என்பதை மறைக்கவும் வேண்டாம். அந்த வரி இருந்தால்தான் மூன்றாவது முறையின் அருமை தெரியும்.

4. அதற்குப் பிறகு என்ன மாறியது

புரிந்தது என்பதற்குச் சான்றாக, தனியாகப் போட்ட அடுத்த கணக்கு ஒன்றைக் காட்டுங்கள். உதாரணத்துக்கு 3x² − 5x + 2 = 0. அடைப்புக்குறி முறையில் −(−5) = 5, வர்க்கமூலத்துக்குள் 25 − 24 = 1, எனவே (5 ± 1) / 6, விடை 1, 2/3. "இப்போது எல்லாக் கணக்கும் வருகிறது" என்பதைவிட இந்த ஒரு கணக்கு நம்பும்படி இருக்கும்.

இன்னும் சந்தேகம் இருந்தால் அதையும் ஒரு வரி எழுதலாம். சொல்லிக்கொடுப்பவருக்கு அது குறையாகத் தெரியாது, அடுத்து எங்கே தொடங்குவது என்று தெரியும்.

5. கடிதம்

> அன்புள்ள அக்காவுக்கு,
>
> போன வாரம் கொடுத்த ஒர்க்‌ஷீட்டில் 4-ஆம் கணக்கை (2x² − 7x + 3 = 0) எனக்குப் புரியவைத்ததற்கு நன்றி.
>
> −b என்ற இடத்தில் நான் −7 போட்டு −1/2, −3 என்று விடை எழுதியிருந்தேன். நீங்கள் உடனே சரியான விடையைச் சொல்லவில்லை. −3-ஐச் சமன்பாட்டில் போட்டுப் பார்க்கச் சொன்னீர்கள். 42 வந்தபோது தவறு இருக்கிறது என்று தெரிந்தது, ஆனால் எங்கே என்று தெரியவில்லை. அதன்பிறகு b வரும் இடத்தில் அடைப்புக்குறி மட்டும் போட்டு, உள்ளே −7 என்று நிரப்பச் சொன்னீர்கள். −(−7) என்று எழுதியதும்தான் எனக்கு விளங்கியது. அதுவரை நான் ஒரு மைனஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
>
> நேற்று 3x² − 5x + 2 = 0 கணக்கை யாரிடமும் கேட்காமல் போட்டேன். 1, 2/3 வந்தது. இரண்டையும் பிரதியிட்டுப் பார்த்தேன், பூச்சியம் வந்தது.
>
> வர்க்கமூலத்துக்குள் c மைனஸாக இருந்தால் மட்டும் இன்னும் கொஞ்சம் தயங்குகிறேன். அங்கேயும் அடைப்புக்குறி போட்டுப் பழகுகிறேன்.
>
> அன்புடன்,
> (பெயர், வகுப்பு)

கடிதத்தில் "பொறுமை" என்ற சொல்லே வரவில்லை. தேவையும் படவில்லை.

6. கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கணக்கை ஒருமுறை போட்டுச் சரிபாருங்கள். மைனஸ் குறியைப் பற்றிய கடிதத்தில் மைனஸ் விட்டுப்போனால், படிப்பவர் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும்.

அழைப்பது வகுப்பில் எப்படியோ அப்படியே இருக்கட்டும். அக்கா என்று கூப்பிடுபவரைக் கடிதத்தில் "மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு" என்று எழுதினால் வேறு யாருக்கோ போகும் கடிதம் போலிருக்கும். பள்ளி ஆசிரியருக்கு என்றால் சார், மிஸ், டீச்சர், ஐயா எது வழக்கமோ அது. "நீங்கள்" என்று தொடங்கினால் கடைசிவரை நீங்கள். நடுவில் "தாங்கள்" வந்தால் அந்த வரி மட்டும் எங்கிருந்தோ பார்த்து எழுதியது போல் துருத்திக்கொண்டு நிற்கும். பேச்சுத்தமிழில் எழுதுவதும் சரிதான், "சொல்லிக்கொடுத்தீங்க" என்று ஆரம்பித்தால் அப்படியே முடிக்க வேண்டும்.

மூன்று விஷயங்களைச் சேர்க்கவே கூடாது. ஒன்று, பள்ளி ஆசிரியரோடு ஒப்பிடுவது: "ஸ்கூல்ல சொன்னது புரியல, நீங்க சொன்னதுதான் புரிஞ்சது". அந்தக் கடிதம் யார் கைக்கும் போகலாம். இரண்டு, கோரிக்கை: "ஞாயிற்றுக்கிழமையும் கிளாஸ் வைப்பீர்களா?" கேட்க வேண்டியதைத் தனியாகக் கேளுங்கள். மூன்று, மதிப்பெண் வாக்குறுதி. "நூற்றுக்கு நூறு வாங்கிக் காட்டுவேன்" என்ற வரி நன்றியைக் கடனாக மாற்றிவிடும்.

தாள், பேனா விஷயத்தில் என் விருப்பம் இதுதான்: கோடு போட்ட ஏ4 தாள், நீல பால்பாயிண்ட் பேனா. ஜெல் பேனா வேகமாக எழுதும்போது கைபட்டு இழுக்கும், மைனஸும் பின்னக் கோடும் ஒன்றாகக் கலந்துவிடும். மினுமினுப்பு கார்டில் கணக்கு எழுத இடம் இருக்காது. ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். வகுப்பு முடிந்து கிளம்பும்போது கொடுங்கள். வகுப்பு தொடங்கும் முன் கொடுத்தால் மற்றப் பிள்ளைகள் முன்னால் அவர் அதைப் பிரித்துப் படிக்க வேண்டியிருக்கும்.

சேர்க்கை 1 (வாட்ஸப்பில் அனுப்புகிறவர்களுக்கு): x² என்பது x2 என்று போய்விடுகிறது எனச் சிலர் கருத்தில் எழுதியிருந்தார்கள். ஜிபோர்டில் எண்கள் உள்ள பக்கத்துக்குப் போய் 2-ஐ அழுத்திப் பிடித்தால் ² வரும். பின்னங்கள் அதிகம் இருந்தால் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்புவதே மேல். படத்தைப் பகலில் ஜன்னல் பக்கம் வைத்து எடுங்கள், இரவில் டியூப்லைட் கீழே உங்கள் கையின் நிழலே தாளில் விழும்.

சேர்க்கை 2 (மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு): பிள்ளை சொல்லச் சொல்ல அம்மாவோ அப்பாவோ எழுதலாமா என்று கேட்டிருந்தார்கள். தாராளமாக. ஆனால் திருத்தாமல் எழுதுங்கள். 402 − 157 கணக்கில், நடுவில் பூச்சியம் இருப்பதால் கடன் வாங்க முடியாமல் பிள்ளை நின்றிருக்கும். டீச்சர் பத்து பத்தாகக் கட்டிய குச்சிகளை வைத்து, ஒரு நூறைப் பத்துக் கட்டுகளாக்கி, அதில் ஒரு கட்டைப் பிரித்துக் காட்டியிருப்பார். "டீச்சர், நீங்க குச்சிக்கட்ட அவுத்துக் காட்டினப்போ எனக்குப் புரிஞ்சது. 245 வந்துச்சு. தேங்க்ஸ்" என்று பிள்ளை சொன்னால் அதுவே முழுக் கடிதம். கீழே பெயரை மட்டும் பிள்ளையின் கையாலேயே எழுத வையுங்கள்.