புள்ளியா, முக்கோணமா, பெருக்கல் குறியா?

புரட்டாசி சனிக்கிழமை கும்பகோணத்தில் அத்தை வீட்டுக்குக் கேக் பாக்கெட் ஒன்று வாங்கிப் போனேன். அத்தை திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல முக்கோணம் இருக்கேப்பா" என்று ஓரமாக வைத்துவிட்டார். கேக்கில் இறைச்சி ஏது என்று எனக்குக் குழப்பம். விஷயம் முட்டைதான்.

பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் என்றால் சைவம். பால், தயிர், நெய், தேன் எல்லாம் இதில் அடங்கும். முட்டை சேர்ந்தாலே அசைவக் குறிதான். அசைவப் பொருள் முட்டை மட்டும் என்றால் நிறுவனம் அதைத் தனியாக எழுதிக்கொள்ளலாம். ஆனாலும் குறி மாறாது. முன்பு அசைவத்துக்கும் வட்டம்தான், பழுப்பு நிறத்தில். மங்கிய அச்சில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். 2020 லேபிள் விதிமுறைகளில் அது பழுப்பு முக்கோணமாக மாறியது. அதனால் நிறத்தைவிட வடிவத்தைப் பாருங்கள்.

பச்சை வட்டம் இருப்பதால் பால் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பால் ஒவ்வாதவர்கள் பொருட்பட்டியலை ஒட்டி 'Contains' என்று தொடங்கும் வரியைப் படிக்க வேண்டும்.

அப்புறம், கோயில் ஊர்க்காரர்களுக்கு முக்கியமான ஒன்று. விளக்கேற்றும் எண்ணெய், பூஜை நெய் பாட்டில்களில் கட்டத்துக்குள் கறுப்புப் பெருக்கல் குறி இருக்கும். சாப்பிடுவதற்கல்ல என்று அர்த்தம். மணம் நன்றாக இருக்கிறதே என்று மீந்ததைத் தாளிக்க எடுக்காதீர்கள். சமையல் எண்ணெய்க்குப் பக்கத்திலும் வைக்க வேண்டாம், பூஜை அலமாரியிலேயே இருக்கட்டும்.