ஐஸ் பிளாண்டின் எபிட்டாவும் கையில் மிஞ்சும் பணமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளச்சல் பக்கம் இயங்கிவரும் ஐஸ் பிளாண்ட் ஒன்று விலைக்கு வந்திருப்பதாகச் சொல்லி, விசைப்படகு வைத்திருக்கும் ஒருவர் நாகர்கோவிலில் உள்ள என் அலுவலகத்திற்கு ஒரு தாளோடு வந்தார். ஆண்டு விற்பனை 135 லட்சம், செலவு 95 லட்சம், எபிட்டா 40 லட்சம், அதன் ஐந்து மடங்கான இரண்டு கோடி ரூபாய் விலை என்று அந்தத் தாளில் எழுதியிருந்தது. “வருஷம் 40 லட்சம் நிக்குதுன்னா அஞ்சு வருஷத்துல போட்ட பணம் திரும்பிரும்லா சார்?” என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்குள் இருந்த தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன். யாரென்று அடையாளம் தெரியாதிருக்க, எண்களைச் சற்று மாற்றி முழு எண்களாக்கித் தந்திருக்கிறேன்.

வட்டி, வருமான வரி, இயந்திரம் கட்டடம் போன்றவற்றின் தேய்மானம், உரிமம் போன்ற கண்ணுக்குத் தெரியாத சொத்துகளுக்கு ஆண்டுதோறும் எழுதும் மதிப்புக் குறைப்பு ஆகிய நான்கையும் கழிப்பதற்கு முன்பு உள்ள லாபமே எபிட்டா. ஒரே அளவுள்ள இரண்டு ஐஸ் பிளாண்டுகளில் ஒன்று கடன் வாங்கி நடத்தப்படுவதாகவும் மற்றொன்று சொந்தப் பணத்தில் நடத்தப்படுவதாகவும் இருக்கலாம். ஒன்று புதிதாகவும் மற்றொன்று இருபது ஆண்டு பழையதாகவும் இருக்கலாம். இந்த வேறுபாடுகளை ஒதுக்கிவிட்டு, ஐஸ் உற்பத்தி செய்து விற்கும் அந்த வேலை மட்டும் எவ்வளவு ஈட்டுகிறது என்று ஒப்பிட இந்த அளவு உதவுகிறது. அதன் பயன் அவ்வளவே. அதைக் கையில் மிஞ்சும் பணம் என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. மற்றத் தவறுகள் பெரும்பாலும் அதிலிருந்தே கிளைக்கின்றன.

தேய்மானம் காகிதத்தில் மட்டும் எழுதப்படும் செலவு என்றும், அதற்காக யாருக்கும் பணம் கொடுப்பதில்லை என்றும் பலர் சொல்லக் கேட்கிறேன். அந்த ஆண்டில் பணம் வெளியே போவதில்லை என்பது சரிதான். ஆனால் அந்தப் பணம் முன்பே போய்விட்டது, அல்லது இனிமேல் போகப்போகிறது. உப்புக்காற்று அடிக்கும் இடத்தில், உப்புக் கரைசலுக்குள்ளேயே இரும்பை மூழ்க வைத்து நடத்தும் தொழிலில் இதை மறப்பது மிகவும் ஆபத்தானது.

அந்த பிளாண்டுக்கு நானும் அவரோடு போயிருந்தேன். 50 கிலோ பார் உறையும் 600 தகர அச்சுகள் அங்கே உப்புக் கரைசல் தொட்டியில் வரிசையாகத் தொங்கின. கிரேனில் ஒரு வரிசையைத் தூக்கிச் சாதா நீரில் முக்கி எடுத்துக் கவிழ்த்தபோது, பெரும்பாலான பார்கள் வழக்கம்போல் நடுவில் மட்டும் வெண்கோடு ஓடிய கட்டிகளாக வெளியே வந்தன. ஆனால் நாலைந்து பார்களின் அடிப்பாகம் கலங்கலாகவும், விரலால் அழுத்தினால் பொடிந்து போகும் அளவுக்கு மென்மையாகவும் இருந்தது. அச்சின் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்து உப்புக் கரைசல் உள்ளே கசிந்தால் ஐஸ் இப்படித்தான் வரும், ஏனென்றால் உப்பு கலந்த நீர் அதே குளிரில் இறுகி உறையாது. அந்தத் துண்டை நாக்கில் வைத்துப் பார்த்தபோது உப்புக் கரித்தது. அச்சுகளை மாற்றும் காலம் வந்தும் உரிமையாளர் இரண்டு ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டிருக்கிறார் என்பது அந்த ஒரு பாரிலேயே தெரிந்துவிட்டது. எபிட்டா எழுதிய தாளில் அதற்கு ஓர் எழுத்துகூட இல்லை. சொல்லப்போனால், பழுதுபார்ப்பைத் தள்ளிப்போட்டால் எபிட்டா கூடவே செய்யும்.

ஆகவே புதுப்பிப்புக்கு ஆண்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அச்சு ஒன்று 3,000 ரூபாய் என்றால் 600 அச்சுக்கு 18 லட்சம். ஆறு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் ஆண்டுக்கு 3 லட்சம். அம்மோனியா கம்ப்ரசரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்துச் சரிசெய்ய 6 லட்சம், அதாவது ஆண்டுக்கு 2 லட்சம். கண்டென்சர் குழாய்களுக்கும் தொட்டிக்குள் இருக்கும் குளிர்க் குழாய்களுக்கும் ஐந்து ஆண்டுக்கு 15 லட்சம், ஆண்டுக்கு 3 லட்சம். மோட்டார், பம்பு, கிரேன் ஆகியவற்றுக்குச் சேர்த்து 2 லட்சம் வைத்தால், ஆண்டுக்கு 10 லட்சம் ஆகிறது. உற்பத்தியைப் பெருக்குவதற்கான முதலீடு இதில் ஒரு ரூபாய்கூட இல்லை. இன்று விற்கும் ஐஸை நாளையும் விற்க வேண்டுமானால் கட்டாயம் ஆகும் செலவு இது.

இதோடு ஒட்டிய மற்றொரு தவறு, பழுதுபார்ப்புச் செலவைச் சொத்தாக எழுதிக்கொள்வது. மோட்டாருக்குக் கம்பி மாற்றிச் சுற்ற ஆன 80,000 ரூபாயைப் பழுதுபார்ப்புக் கணக்கில் எழுதினால் எபிட்டா அந்த அளவு குறையும். அதையே இயந்திரக் கணக்கில் சேர்த்தால் எபிட்டா குறையாது, பின்னால் தேய்மானமாக வெளியே போய்விடும். 2002 ஜூனில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வேர்ல்டுகாம், 380 கோடி டாலருக்கும் அதிகமான செலவை இப்படிச் சொத்தாக மாற்றி எழுதியிருந்ததாக அறிவித்தது. மற்ற நிறுவனங்களின் கம்பித்தடங்களைப் பயன்படுத்தக் கொடுத்த அன்றாடக் கட்டணம் அது. அதனால் வாங்குபவர் இயந்திரப் பேரேட்டில் புதிதாகச் சேர்ந்த ஒவ்வொரு பதிவுக்கும் ரசீதைக் கேட்டு, அது புதிய பொருளா, பழையதைச் சரிசெய்த கூலியா என்று பார்த்துவிட வேண்டும்.

இனி இரண்டு கோடி விலைக்கு வருவோம். அவரும் அவருடைய மைத்துனரும் பங்குதாரர்களாகச் சேர்ந்து 80 லட்சம் கைப்பணமும், 120 லட்சம் வங்கிக் கடனும் போடுவதாகத் திட்டம். கடன் ஏழு ஆண்டில் அடைய வேண்டும். வட்டி 10 சதவீதம். முதல் ஆண்டில் வட்டி ஏறத்தாழ 12 லட்சம், அசல் தவணை 17 லட்சம். தேய்மானம் 15 லட்சம் என்று கொண்டால், வரிக்குரிய லாபம் 40-இல் 12-ஐயும் 15-ஐயும் கழித்து 13 லட்சம். பங்குதாரர் நிறுவனத்திற்கு 30 சதவீத வரியும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 4 லட்சத்தைத் தொடும். வட்டி 12, அசல் 17, புதுப்பிப்பு 10, வரி 4 என்று கூட்டினால் 43 லட்சம். நாற்பது நிற்கும் என்று அவர் நினைத்த இடத்தில், சொந்தப் பையிலிருந்து 3 லட்சம் போட வேண்டியிருக்கும்.

வங்கி கடன் தர ஒப்புக்கொண்டுவிட்டதே என்று அவர் கேட்டார். வங்கி பார்ப்பது வரி கழித்த லாபம் 9, தேய்மானம் 15, வட்டி 12 ஆக 36 லட்சத்தை, வட்டியும் அசலுமான 29 லட்சத்தால் வகுத்து வரும் விகிதத்தை. அது 1.24 வருகிறது, பார்வைக்குத் தாங்கக்கூடிய கணக்குதான். ஆனால் அந்த 36-க்குள் அச்சுக்கும் கம்ப்ரசருக்கும் வேண்டிய 10 லட்சமும் அடங்கியிருக்கிறது. அதை எடுத்துவிட்டால் விகிதம் ஒன்றுக்குக் கீழே, 0.9-க்கு இறங்கிவிடுகிறது.

எபிட்டா காட்டாத இன்னொன்று பற்றுப் பாக்கி. படகுகள் கடலுக்குப் போகும்போது ஐஸை ஏற்றிக்கொண்டு, கரை திரும்பி மீன் ஏலம் போன பிறகு பணம் தருவது இங்கே வழக்கம். ஐஸ் ஏற்றிய அன்றே அது விற்பனையாகப் பேரேட்டில் ஏறிவிடுகிறது. பணம் வந்ததா இல்லையா என்பதை எபிட்டா பார்ப்பதில்லை. அந்த ஆண்டின் தொடக்கத்தில் 10 லட்சமாக இருந்த பாக்கி, முடிவில் 18 லட்சமாகியிருந்தது. அந்த 40 லட்சத்தில் 8 லட்சம் இன்னும் படகுக்காரர்களிடமே இருக்கிறது என்று பொருள். இதே மாவட்டத்தின் முந்திரித் தொழிலை நினைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அங்கே இயந்திரச் செலவு குறைவு. ஆனால் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வரும் பச்சை முந்திரியை விளைச்சல் காலத்தில் மொத்தமாக வாங்கிப் பல மாதங்கள் வைத்து உடைக்க வேண்டும். அந்த இருப்புக்கு வாங்கும் கடனின் வட்டி, கொட்டையின் விலையைப் போலவே தவிர்க்க முடியாத செலவு. எபிட்டா அதை வெளியே தள்ளிவிடுவதால், முந்திரி ஆலையின் எபிட்டாவை அப்படியே நம்புவது ஐஸ் பிளாண்டின் எபிட்டாவை நம்புவதைவிடப் பிழையானது என்றே கருதுகிறேன்.

கடைசியாக, 40 லட்சம் என்ற அந்த எண்ணையே சோதித்தோம். பழைய கம்ப்ரசரை இரும்பு விலைக்கு விற்ற 2 லட்சமும் அதில் சேர்ந்திருந்தது. ஐஸ் விற்று வந்த வருமானம் அல்ல என்பதால் அதை எடுத்துவிட்டோம். விற்பவரின் மகனும் மருமகனும் இரவும் பகலும் மாறி மாறி பிளாண்டைப் பார்த்துக்கொண்டார்கள். சம்பளம் என்று எதுவும் எழுதவில்லை. வாங்குபவர் அந்த வேலைக்கு ஆள் வைத்தால் ஆண்டுக்கு 5 லட்சம் ஆகும். இரண்டையும் கழித்தால் எபிட்டா 33 லட்சம்தான்.

மாதக் கணக்கையும் கேட்டு வாங்கினோம். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது விற்பனை படுத்துவிட்டாலும் மின்வாரியத்திற்கு நிலைக் கட்டணத்தையும் ஆட்களுக்குக் கூலியையும் கட்டித்தான் ஆக வேண்டும். தடை முடிந்த ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் கணக்கை மட்டும் காட்டி, அதை நான்கால் பெருக்கிச் சொல்பவர்களும் உண்டு. இந்த பிளாண்டை விற்பவர் அப்படிச் செய்யவில்லை. பன்னிரண்டு மாத மின் ரசீதுகளைக் கூட்டினோம். ஒரு டன் ஐஸுக்கு 70 யூனிட் என்று வகுத்துப் பார்த்தபோது, அவர் சொன்ன 6,750 டன் விற்பனை ஏறத்தாழ ஒத்து வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. தாளில் இருந்த எண் எதைச் சேர்க்கவில்லை என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை. 33 லட்சத்தில் 10 லட்சம் புதுப்பிப்பைக் கழித்து, 23 லட்சத்தை அடிப்படையாக வைத்து, அச்சுகளை உடனே மாற்ற வேண்டிய 18 லட்சத்தையும் குறைத்துக்கொண்டு விலை பேசச் சொல்லி, வாங்க வந்தவரை அனுப்பினேன்.