கரு கலைந்த பிறகு நிற்காத ரத்தமும், மெடிக்கலில் வாங்கும் மாத்திரையும்

கடலூரில் மகப்பேறு வார்டில் நர்ஸாக இருக்கிறேன். கரு கலைந்தோ, கலைத்தோ, டி.என்.சி. என்று கர்ப்பப்பையைச் சுத்தம் செய்துகொண்டோ வீட்டுக்குப் போன பெண்கள் ரத்தப்போக்கோடு திரும்பி வரும்போது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் முதலில் கேட்பது, "எத்தனை நாளா போகுது?" எங்கள் காலத்து நர்ஸ்களும் இங்கேதான் ஆரம்பித்தோம். நாள் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. ரத்தம் குறைந்துகொண்டு வருகிறதா, குறைந்த பிறகு கூடுகிறதா என்பதுதான் கேள்வி.

வெயிட் தூக்காதே, சுத்தமாக இரு என்பதையெல்லாம் வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

எது வழக்கம் என்று தெரியாமல் இருப்பது

உறிஞ்சி எடுத்தோ சுரண்டியோ கர்ப்பப்பையைச் சுத்தம் செய்திருந்தால், சில நாள் லேசாகப் படும். இரண்டு நாள் நின்று, மறுபடி கொஞ்சம் கறை தெரியலாம். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். மாத்திரை மூலம் கலைத்திருந்தால் ஆரம்பத்தில் வழக்கமான மாதவிடாயைவிட அதிகமாக, கட்டி கட்டியாகப் போகும். பிறகு படிப்படியாகக் குறைந்து, சிலருக்கு நான்கு வாரம் வரைகூட விட்டு விட்டுக் கறை படும். குறைந்துகொண்டே வந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

ரத்தத்தை நிறுத்த மெடிக்கலில் மாத்திரை வாங்குவது

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்குக் கோபம் வருவது இதில்தான்.

பாகூர் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். வயது இருபத்தைந்து இருக்கும். ஒன்பதாவது வாரத்தில் கரு வளர்ச்சி நின்றுபோய், ஒரு கிளினிக்கில் டி.என்.சி. செய்திருக்கிறார்கள். ஐந்தாறு நாள் லேசாகப் பட்டு, அடங்குவது போல இருந்தது. பத்தாம் நாள் மறுபடி கூடியது. திரும்ப டாக்டரைப் பார்க்கப் போகாமல், வீட்டுக்காரர் மெடிக்கலில் போய், "பீரியட்ஸ் நிக்கிற மாத்திரை கொடுங்க" என்று கேட்டிருக்கிறார். டி.என்.சி. செய்ததை அவர் சொல்லவில்லை, கடையிலும் கேட்கவில்லை. நார்எதிஸ்டிரோன் 5 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஏழு நாளைக்கு. கூடவே டிரானெக்ஸாமிக் ஆசிட்.

ரத்தம் குறைந்தது. எல்லோரும் நிம்மதியாகிவிட்டார்கள்.

மாத்திரை தீர்ந்த மூன்றாம் நாள் கட்டி கட்டியாகப் போக ஆரம்பித்தது. "பீரியட்ஸ் வந்துடுச்சு, அழுக்கெல்லாம் போகட்டும்" என்றாராம் மாமியார். அடுத்த நாள் குளிர் காய்ச்சல், நாற்றத்தோடு வெள்ளை, எழுந்து நின்றால் மயக்கம். எங்களிடம் வந்தபோது காய்ச்சல் 102 டிகிரி. ஹீமோகுளோபின் ஏழுகூட இல்லை. ஸ்கேனில் கருவின் துணுக்கு உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது, அதற்கு ரத்த ஓட்டமும் இருந்தது. ஊசியில் ஆன்டிபயாட்டிக் போட்டு, இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றி, மறுபடி உறிஞ்சி எடுக்க வேண்டியதாகிவிட்டது. பத்தாம் நாளே வந்திருந்தால் ஒரு ஸ்கேனும், அநேகமாகக் கர்ப்பப்பையைச் சுருக்கும் மாத்திரையுமே போதுமாக இருந்திருக்கும்.

இது ஏன் நடந்தது என்று புரிந்துகொள்வது முக்கியம். கரு வெளியேறிய பிறகு கர்ப்பப்பை கையை இறுக மூடுவது போலச் சுருங்கும். ரத்தக்குழாய்கள் அடைபடுவது அதனால்தான். ஒரு சிறு துணுக்கு உள்ளே மாட்டியிருந்தாலும் அது முழுதாகச் சுருங்காது, ரத்தம் வந்துகொண்டே இருக்கும். நார்எதிஸ்டிரோன் ஒரு ஹார்மோன். கர்ப்பப்பையின் உள்சுவரை உதிராமல் கொஞ்ச நாள் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். மாத்திரையை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் அந்தச் சுவர் உதிரும். வீட்டில் அதைத்தான் மாதவிடாய் என்று நினைத்துக்கொள்கிறார்கள். டிரானெக்ஸாமிக் ஆசிட்டோ உறைந்த ரத்தம் கரையாமல் பார்த்துக்கொள்ளும். இரண்டில் எதுவுமே உள்ளே இருக்கும் துணுக்கை வெளியே தள்ளாது. ரத்தம் குறைவதால் நோய் மறைந்த மாதிரி இருக்கும், உள்ளே கிருமி பெருகிக்கொண்டிருக்கும்.

இந்த மாத்திரைகள் விஷமில்லை. பரிசோதித்துப் பார்த்து, உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு டாக்டரே இவற்றை எழுதுவதும் உண்டு. பார்க்காமல் போடுவதுதான் வில்லங்கம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் ரிப்போர்ட்டில் "உள்சுவர் தடிப்பு" என்று இருந்ததுமே மறுபடி சுத்தம் செய்ய ஓட வேண்டாம். முதல் சில வாரம் உறைந்த ரத்தமும் அப்படித் தெரியும். ரத்தம் அடங்கிக்கொண்டு வருகிறது, காய்ச்சல் இல்லை, வலி இல்லை என்றால் பெரும்பாலும் காத்திருந்து பார்ப்பார்கள்.

நாப்கினை எண்ணாமல் விடுவது

"நிறைய போகுது" என்றால் எங்களுக்கு ஒன்றும் புரியாது. பெரிய நாப்கின் மணிக்கு இரண்டு வீதம், தொடர்ந்து இரண்டு மணி நேரம் முழுசாக நனைந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது, 108ஐக் கூப்பிடுங்கள். எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய கட்டிகள் வந்தாலும், கண் இருட்டிக்கொண்டு வந்தாலும், மயங்கி விழுந்தாலும் அப்படித்தான்.

காய்ச்சலைச் சளிக் காய்ச்சல் என்று விடுவது

கலைக்கும் மாத்திரை போட்ட அன்று குளிரும் லேசான காய்ச்சலும் வரலாம், அது மருந்தின் வேலை. ஒரு நாளைத் தாண்டியும் 100.4 டிகிரிக்கு மேல் இருந்தாலோ, நாற்றமடிக்கும் வெள்ளை போனாலோ, அடிவயிற்றைத் தொட்டால் வலித்தாலோ பாராசிட்டமாலோடு நிறுத்தாதீர்கள்.

கலைக்கும் மாத்திரை போட்டும் ரத்தமே வரவில்லை என்றால் சும்மா இருப்பது

கரு குழாயில் தங்கியிருக்கலாம். ஒரு பக்க வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

"இன்னும் தூரமாகலையே, கரு தங்காது"

தங்கும். கலைந்த பிறகு முதல் மாதவிடாய் நான்கிலிருந்து எட்டு வாரத்துக்குள் வரும். ஆனால் அதற்கு முன்பே கருமுட்டை வெளியாகிவிடும், சிலருக்குப் பத்து நாளிலேயே. முதல் பீரியட்ஸுக்காகக் காத்திருந்து, அது வராமல், அடுத்த கர்ப்பத்தோடு வந்து நிற்பவர்கள் அதிகம். உடனே குழந்தை வேண்டாம் என்றால் கருத்தடை மாத்திரையைக் கரு கலைந்த அன்றைக்கே ஆரம்பிக்கலாம். கிருமித் தொற்று இல்லையென்றால் சுத்தம் செய்யும்போதே காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம்.

இரண்டே வாரத்தில் கிட் வாங்கிச் சோதிப்பது

பழைய கர்ப்பத்தின் ஹார்மோன் நான்கு வாரம் வரைகூடக் கோடு காட்டும். பொறுங்கள்.

எங்கே செய்தோம் என்பதை மறைப்பது

கடலூரில் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று புதுச்சேரிக்குப் போய்ச் செய்துகொள்கிறார்கள். சரி, அது அவரவர் விருப்பம். அப்புறம் ரத்தம் போகும்போது அங்கே போகத் தூரம், இங்கே சொல்லப் பயம். கருக்கலைப்புச் சட்டம் 1971-லிருந்து இருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்பதும் சட்டத்தில் இருக்கிறது, 2021 திருத்தத்தில் அதை இன்னும் அழுத்தமாகச் சேர்த்தார்கள். எந்த தேதியில், எத்தனை வாரக் கருவை, மாத்திரையாலா சுத்தம் செய்தா, அதன்பிறகு கடையில் வாங்கி என்ன போட்டீர்கள் என்ற நான்கையும் சொன்னால் எங்கள் வேலை பாதி முடிந்தது. டிஸ்சார்ஜ் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள்.

எட்டு வாரம் தாண்டியும் வரவில்லை என்றால்

முதலில் மறுபடி கர்ப்பமா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால், மாதாமாதம் அடிவயிறு சுருட்டி வலிக்கிறதா, ரத்தம் மட்டும் வரவில்லையா என்று கவனியுங்கள். அழுத்திச் சுரண்டியதில் உள்சுவர் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம், கர்ப்பப்பை வாய் அடைபட்டு ரத்தம் உள்ளேயே தேங்கியிருக்கலாம். கேமரா வைத்துப் பார்த்து அந்த ஒட்டலை விடுவிக்க முடியும். இதற்கும் பீரியட்ஸ் வரவழைக்கும் மாத்திரையைக் கடையில் வாங்கிப் போட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.