கிளிக்குக்குப் பின்னால் ஓடும் ஜூம்: திரைப்பதிவுப் பாடங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரிப் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகள் தங்கள் கொழுந்துக் கணக்கைக் கணினி விரிதாளில் எழுதிவைப்பதற்காகச் சில ஆண்டுகளாகத் திரைப்பதிவுப் பாடங்கள் செய்து வருகிறேன். இந்த வேலையைக் கற்றுக்கொள்ள என்னிடம் வருகிற இளைஞர்கள், நான் முன்பு செய்த தவறுகளையே திரும்பச் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். மைக்கை அணைத்து வைத்துப் பதிவு செய்வது போன்றவற்றை ஒருமுறை பட்டவர் மறுமுறை செய்யமாட்டார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

சுட்டி எல்லோர் கண்ணுக்கும் தெரியும் என்று நம்புவது

1080 உயரத்தில் பதிவான திரையில் விண்டோஸின் வழக்கமான அம்புக்குறி ஏறத்தாழ 12 பிக்சல் அகலமும் 19 பிக்சல் உயரமும் கொண்டது. மலைச்சரிவில் சிக்னல் குறையும்போது அதே படம் கைபேசியில் 360-க்கு இறங்கிவிடும். அப்போது அம்புக்குறி நான்குக்கு ஆறு பிக்சலாகச் சுருங்கி, கட்டங்களின் கோடுகளுக்கிடையே காணாமல் போகிறது. ஆகவே மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவித் தொகுப்பான PowerToys-இல் உள்ள Mouse Highlighter-ஐ `Win + Shift + H` அழுத்தி இயக்கிக்கொள்கிறேன். கிளிக் செய்யும்போது சுட்டியைச் சுற்றி ஒரு வண்ண வட்டம் தோன்றும். அந்த வண்ணம் கெட்டியாக இருந்தால் அடியில் உள்ள எழுத்தை மறைத்துவிடும் என்பதால், எழுத்து ஊடே தெரியும் அளவுக்கு அதை வெளிறச் செய்துவிடுங்கள்.

கிளிக் செய்த பிறகு ஜூம் செய்வது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். கிளிக் நடக்கிற நொடியிலேயே ஜூமும் தொடங்கினால், பார்ப்பவரின் கண் நகர்கிற படத்தைப் பின்தொடர்கிறதே தவிர, கிளிக்கைப் பார்ப்பதில்லை. என் பழைய பாடம் ஒன்றில், மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தின் சிறிய அம்பைக் கிளிக் செய்ததும் பட்டியல் விரிந்து, ஒன்றரை நொடியில் 'ஜூன்' தேர்வாகி மூடிவிட்டது. ஜூம் வந்து சேரவே ஒரு நொடி ஆகியிருந்தது. அதைப் பார்த்த அம்மா ஒருவர் தொலைபேசியில், "தம்பி, படம் கிட்ட வருது, திரும்பப் போகுது, நீங்க எங்க அமுக்குனீங்கன்னே தெரியலையே" என்றார். பதிவு செய்த மென்பொருளே ஜூமையும் சேர்த்து ஒரே கோப்பாக்கிவிட்டது. ஜூம் இல்லாத மூலம் என்னிடம் இல்லை. ஆறு பாடங்களை முதலிலிருந்து பதிவு செய்தேன். அன்றிலிருந்து ஜூம் இல்லாத மூலக்கோப்பை முதலில் சேமித்துவிட்டு, எடிட்டிங்கில்தான் ஜூம் சேர்க்கிறேன்.

அதே பாடத்தை இப்போது எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். கிளிக் 42-ஆவது நொடியில் நிகழ்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். Kdenlive என்ற எடிட்டிங் மென்பொருளில், படத்தின் அளவை மாற்றும் Transform விளைவைச் சேர்த்து, 40.6-ஆவது நொடியில் 100 விழுக்காடு, 41.5-இல் 150 விழுக்காடு என, எந்த நொடியில் எந்த அளவு என்று குறிக்கும் இரண்டு கீஃபிரேம்களை வைக்கிறேன். படம் அசைவற்று நின்று அரை நொடி கழித்தே கிளிக் விழும். அதற்குள் பார்ப்பவர் சுட்டியைக் கண்டுபிடித்துவிடுவார். அடுத்து எடையை எழுதும் கட்டம் பக்கத்திலேயே இருப்பதால் படம் நகர்வதில்லை. எல்லாம் எழுதி முடிந்து ஒரு நொடி பொறுத்த பிறகு, ஒரு நொடிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் முழுத்திரைக்குத் திரும்புகிறேன். கீஃபிரேம்களுக்கு நேர்கோட்டு வேகம் கொடுத்தால் தொடக்கத்திலும் முடிவிலும் படம் உதறும். மெல்லத் தொடங்கி மெல்ல நிற்கும் வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

எடிட்டிங்கில் இதற்கு இடம் கிடைக்க வேண்டுமானால், பதிவின்போதே ஒவ்வொரு கிளிக்குக்கும் முன் சுட்டியை ஒரு நொடி நிறுத்திப் பழகுங்கள். நிறுத்த மறந்துவிட்டால், கிளிக்குக்கு முந்தைய பிரேமை அரை நொடி உறையவைத்துச் சமாளிக்கலாம்.

ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு ஜூம்

வேண்டாம்.

மங்கும் வரை பெரிதாக்குவது

1920-க்கு 1080 பதிவை ஒன்றரை மடங்கு பெரிதாக்கினால், 1280-க்கு 720 அளவுப் பகுதிதான் முழுத்திரைக்கு இழுக்கப்படுகிறது. அதற்கு மேல் போனால் தமிழ் எழுத்துகளின் புள்ளியும் சுழியும் முதலில் மங்கும். 'ன' எது, 'ண' எது என்று பிரித்தறிய முடியாமல் போனால் அதுவே எல்லை. எழுத்து இன்னும் பெரிதாக வேண்டுமென்றால், பதிவுக்கு முன்பே விரிதாளின் பார்வை அளவை 150 விழுக்காடாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது எழுத்தே பெரிதாக வரையப்படுவதால் கூர்மை கெடாது.

சோதித்துப் பார்க்காமல் பதிவைத் தொடங்குவது

OBS என்ற பதிவு மென்பொருளில், ஒரு சாளரத்தை மட்டும் பதிவு செய்யும் Window Capture-ஐத் தேர்ந்தெடுத்தால், Mouse Highlighter-இன் வட்டம் உங்கள் கண்ணுக்குத் தெரியும், பதிவில் வராது. அந்த வட்டம் விரிதாளின் சாளரத்துக்குள் வரையப்படுவதில்லை, அதற்கு மேலே தனியாக மிதக்கும் சாளரத்தில் வரையப்படுகிறது. முழுத்திரையையும் பதிவு செய்யும் Display Capture-க்கு மாற்றி, பத்து நொடி பதிவு செய்து, அதைக் கைபேசியில் போட்டுப் பாருங்கள்.