செசானின் ஆப்பிளிலிருந்து வண்ணக் கலவை: நான்காம் வகுப்புக்கான ஒரு பாடத்திட்டம்

வண்ணக் கலவையைத் தொடக்கப்பள்ளியில் பெரும்பாலும் ஒரு வட்ட வரைபடத்தோடு தொடங்குகிறோம். மஞ்சளும் சிவப்பும் சேர்ந்தால் ஆரஞ்சு, மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை என்று மாணவர்கள் ஒப்பித்துவிடுகிறார்கள். ஆனால் தூரிகையைக் கையில் எடுத்த பத்தாவது நிமிடத்தில் எல்லாத் தட்டுகளிலும் ஒரே சேற்று நிறம்தான் தேங்கி நிற்கிறது. எதோடு எது சேரும் என்பதைச் சொல்லிக்கொடுத்த நாம், எவ்வளவு சேர வேண்டும் என்பதையும் எந்தச் சிவப்பு, எந்த நீலம் என்பதையும் சொல்லாமல் விட்டதே அதற்குக் காரணம். அந்த இரண்டையும் ஓர் ஓவியத்தைப் பார்த்துக் கற்பிக்கும் முறையை இங்கே எழுதுகிறேன். 45 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாடவேளைகள் இதற்குப் போதும்.

ஓவியம்

பிரெஞ்சு ஓவியர் பால் செசான் 1899ஆம் ஆண்டு வாக்கில் வரைந்த 'ஆப்பிள்களும் ஆரஞ்சுகளும்' என்ற அசையாப்பொருள் ஓவியத்தை எடுத்துக்கொள்கிறேன். அது இப்போது பாரிஸ் நகரின் ஆர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இடப்பக்கம் ஒரு தட்டு நிறைய ஆப்பிள்கள் கவிழ்ந்துவிடுமோ என்று தோன்றும்படி சாய்ந்திருக்கின்றன. நடுவில் கால் வைத்த வெள்ளைக் கிண்ணத்தில் ஆரஞ்சுகள். வலப்பக்கம் பூ வேலைப்பாடுள்ள ஒரு கூஜா. இவற்றின் அடியில் கசங்கிய வெள்ளைத் துணி, பின்னால் வேலைப்பாடு மிகுந்த திரைச்சீலைகள். மஞ்சளில் தொடங்கி ஆரஞ்சு வழியாகச் சிவப்பு வரை போகும் நிறங்கள் எல்லாம் அந்தப் பழங்களிலேயே இருப்பதால், நமது பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியவில்லை.

படத்தை இணையத்திலிருந்து எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே ஓவியம் ஒரு தளத்தில் மஞ்சள் தூக்கலாகவும் இன்னொரு தளத்தில் நீலம் தூக்கலாகவும் தெரியும். எனவே அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தில் உள்ள படத்தையே பதிவிறக்கி, ஏ4 அளவில் வண்ண அச்சு எடுங்கள். நான்கு மாணவர்களுக்கு ஒரு படி போதும். ப்ரொஜெக்டரை நம்ப வேண்டாம். வெளிச்சமான வகுப்பறையில் அது மஞ்சளையும் வெள்ளையையும் ஒன்றாக்கிவிடும்.

பொருள்கள்

குழந்தைகளுக்கு ஏற்றது, நச்சற்றது என்று குறிக்கப்பட்ட போஸ்டர் கலர் வாங்குங்கள். எலுமிச்சை மஞ்சள், வெர்மிலியன் எனப்படும் குங்குமச் சிவப்பு, கிரிம்சன் எனப்படும் கருஞ்சிவப்பு, அல்ட்ராமரைன் நீலம், பிரஷ்யன் நீலம், வெள்ளை ஆகிய ஆறு புட்டிகள் வேண்டும். இவற்றோடு ஒரே ஒரு புட்டி கறுப்பு. அது ஆசிரியரின் மேசையிலேயே இருக்கட்டும். குழுவுக்கு ஒரு முட்டை அட்டை, சில மை நிரப்பிகள், இரண்டு குவளைத் தண்ணீர், பழந்துணி, தடித்த வரைதாள் ஆகியவை போதும். முட்டை அட்டை நீரை உறிஞ்சும் தாள்கூழில் செய்ததாக இல்லாமல் பிளாஸ்டிக்கில் செய்ததாக இருப்பது நல்லது.

முந்தின நாளே ஒரு கரண்டி வண்ணத்துக்கு ஒரு கரண்டி தண்ணீர் என்ற அளவில் கலந்து வையுங்கள். நிரப்பியிலிருந்து சொட்டாக விழ வேண்டும், ஆனால் தாளில் ஓடக் கூடாது, அதுதான் பதம். கீழே சொல்லும் சொட்டுக் கணக்கையும் நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். வண்ணங்களின் அடர்த்தி தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும் என்பதால் எண்ணிக்கையைச் சற்றே கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கும்.

முதல் படி: துளை வழியே பார்ப்பது

ஒவ்வொரு மாணவருக்கும் நடுவில் ஒரு சென்டிமீட்டர் சதுரத் துளை வெட்டிய வெள்ளை அட்டை ஒன்றைக் கொடுங்கள். அட்டையைப் படத்தின் மேல் வைத்து நகர்த்தி, துளையில் தெரியும் நிறத்தை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். பழத்தின் பெயரைச் சொல்லக் கூடாது என்பதே இதில் விதி. 'துணி என்ன நிறம்?' என்று முழுப் படத்தையும் காட்டிக் கேட்டால் வகுப்பு முழுவதும் 'வெள்ளை' என்றுதான் சொல்லும். அதே துணியின் மடிப்பைத் துளை வழியே பார்த்த பிறகு சாம்பல், நீலம், பச்சை கலந்த சாம்பல் என்று விடைகள் பிரியத் தொடங்கும். துணி வெள்ளை என்று நமக்கு முன்பே தெரியும் என்பதால் கண் அதை வெள்ளையாகவே எடுத்துக்கொள்கிறது. சுற்றியுள்ளவற்றை மறைத்தவுடன் அந்த உதவி போய்விடுகிறது. பத்து நிமிடம் ஒதுக்குங்கள், அவசரப்படுத்த வேண்டாம்.

இரண்டாம் படி: ஆரஞ்சு ஏணி

இந்தப் பாடத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. முட்டை அட்டையின் ஐந்து குழிகளிலும் மஞ்சளை 16 சொட்டு விடச் சொல்லுங்கள். முதல் குழி மஞ்சளாகவே இருக்கட்டும். இரண்டாவதில் குங்குமச் சிவப்பு 1 சொட்டு, மூன்றாவதில் 2, நான்காவதில் 4, ஐந்தாவதில் 8. ஒவ்வொன்றையும் கலக்கி, தாளில் வரிசையாகக் கட்டம் கட்டமாகப் பூசி, கட்டத்தின் கீழே சொட்டுக் கணக்கை எழுத வேண்டும்.

எப்போதும் மஞ்சளில்தான் சிவப்பைச் சேர்க்க வேண்டும். சிவப்பு வலுவான நிறம். சிவப்பில் மஞ்சளை ஊற்றத் தொடங்கினால், ஆரஞ்சை எட்டுவதற்குள் மஞ்சள் புட்டி காலியாகிவிடும். சொட்டுகளை 1, 2, 3, 4 என்று வைக்காமல் இரட்டித்துக்கொண்டு போவதற்கும் காரணம் உண்டு. ஒரு சொட்டு இரண்டாகும்போது கண்ணுக்குத் தெரியும் மாற்றம், ஏழு சொட்டு எட்டாகும்போது தெரிவதில்லை. ஒவ்வொன்றாகக் கூட்டினால் ஏணியின் மேற்படிகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். இதை நான் தொடக்கத்தில் அறியாமல் ஒவ்வொன்றாகவே கூட்டச் சொல்லி, எட்டுக் கட்டங்களில் கடைசி நான்கையும் மாணவர்களால் பிரித்தறிய முடியாமல் திண்டாடியிருக்கிறேன்.

கட்டங்கள் காய்ந்த பிறகே அவற்றைப் படத்தோடு ஒப்பிட வேண்டும். போஸ்டர் கலரில் வெளிர் நிறங்கள் காய்ந்தால் சற்றுக் கருத்தும், அடர் நிறங்கள் காய்ந்தால் சற்று வெளுத்தும் தெரியும். காய்ந்ததும் தாளைச் செசானின் படத்தருகே வைத்து, கிண்ணத்து ஆரஞ்சுகளில் ஒன்றின் வெளிச்சப் பகுதி எந்தக் கட்டத்துக்கு நெருங்கி வருகிறது, நிழற்பகுதி எந்தக் கட்டத்துக்கு நெருங்கி வருகிறது என்று துளை அட்டையால் தேடச் சொல்லுங்கள். ஒரே பழத்துக்கு ஏணியின் இரண்டு மூன்று படிகள் தேவைப்படுவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். முதல் பாடவேளை இத்தோடு நிறைவுறும்.

மூன்றாம் படி: எந்தச் சிவப்பு, எந்த நீலம்

இரண்டாம் பாடவேளையில் வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். பாதிக் குழுக்கள் மஞ்சள் 16 சொட்டில் குங்குமச் சிவப்பு 4 சொட்டும், மற்ற குழுக்கள் அதே மஞ்சளில் கருஞ்சிவப்பு 4 சொட்டும் சேர்க்கட்டும். முதலாவது பளிச்சென்ற ஆரஞ்சாகவும் இரண்டாவது சற்று மங்கிய, செங்கல் சாயல் கொண்ட ஆரஞ்சாகவும் வரும். குங்குமச் சிவப்பு மஞ்சளின் பக்கம் சாய்ந்தது. கருஞ்சிவப்பு நீலத்தின் பக்கம் சாய்ந்தது. மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் ஒரு கலவையில் கூடினால் நிறம் மங்கும் என்பதால், கருஞ்சிவப்பில் ஒளிந்திருக்கும் நீலம் ஆரஞ்சைக் கெடுக்கிறது. அதே கருஞ்சிவப்பு அல்ட்ராமரைனோடு சேர்ந்தால் அழகான ஊதா தரும். குங்குமச் சிவப்பு சேர்ந்தாலோ பழுப்புதான் மிஞ்சும்.

பச்சைக்கும் இதே சோதனையைச் செய்யலாம். எலுமிச்சை மஞ்சளோடு பிரஷ்யன் நீலம் கூர்மையான பச்சையையும், அல்ட்ராமரைன் அடங்கிய பச்சையையும் தரும். பிரஷ்யன் நீலம் மிகவும் வலியது, ஒரே சொட்டில் தொடங்குங்கள். உண்மையான மூலநிறங்கள் எவை என்று கேட்கும் குழந்தைக்கு, அச்சகத்தில் சிவப்புக்கும் நீலத்துக்கும் பதிலாக மெஜந்தா, சயான் என்ற மைகளைப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும், நாம் சொல்லும் மூன்றும் தூரிகை வேலைக்கான ஒரு வசதி என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: கறுப்பு இல்லாமல் நிழல்

நிழல் என்றதும் குழந்தைகள் கறுப்பைக் கேட்பார்கள். ஒரு முறை கொடுத்துப் பாருங்கள். மஞ்சளில் கறுப்பு ஒரு சொட்டு விட்டால் இருண்ட மஞ்சள் வராது, பாசி படிந்த பச்சை வரும். இதை அவர்கள் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் புட்டியை மேசையில் வைத்திருந்தோம்.

பிறகு 4 சொட்டுச் சிவப்பு கலந்த ஆரஞ்சை எடுத்து, அதில் அல்ட்ராமரைனை ஒவ்வொரு சொட்டாகச் சேர்க்கட்டும். முதல் சொட்டில் ஆரஞ்சு அடங்கும். மேலும் சேர்க்கச் சேர்க்கப் பழுப்பாகி, கடைசியில் கரும்பழுப்பாகும். முதல் நாள் தட்டில் தேங்கிய அதே சேற்று நிறம்தான் இது. தற்செயலாக வந்தபோது அது பிழை. எண்ணி வரவழைத்தபோது அது ஆப்பிளின் நிழல். துணியின் மடிப்புக்கு வெள்ளை 16 சொட்டில் நீலம் 1, ஆரஞ்சு 1 சேர்த்தால் நீலச் சாம்பல் கிடைக்கும். தூரிகை கழுவும் குவளை கலங்கியிருந்தால் இந்த நிறம்தான் முதலில் கெடும். ஆகவே ஒரு குவளை கழுவுவதற்கு, மற்றது அலசுவதற்கு என்று பிரித்து வையுங்கள்.

ஐந்தாம் படி: ஒரே ஒரு பழம்

முழு ஓவியத்தையும் நகலெடுக்கச் சொல்ல வேண்டாம். ஒன்பது வயதுக் குழந்தைக்கு அது வரைகலைச் சோதனையாகிவிடும், வண்ணம் பின்னுக்குப் போய்விடும். ஜன்னலோரத்தில் வெள்ளைத் துணி விரித்து ஓர் ஆரஞ்சோ ஆப்பிளோ வைத்து, உள்ளங்கை அளவுக்கு வட்டம் போட்டு, மூன்று நிறங்களால் மட்டும் நிரப்பச் சொல்லுங்கள்: வெளிச்சத்துக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று. மூன்றும் அவர்களே கலந்தவையாக இருக்க வேண்டும், ஓரத்தில் சொட்டுக் கணக்கும் இருக்க வேண்டும். என் வகுப்பில் ஒரு சிறுமி நிழலில் நீலம் மூன்று சொட்டு என்று எழுதிவிட்டு, அதை அடித்து இரண்டு என்று திருத்தியிருந்தாள். கேட்டபோது, 'மூணு போட்டா பழம் அழுகின மாதிரி இருந்துச்சு டீச்சர்' என்றாள்.

மதிப்பிடுவதற்கு ஓவியத்தின் அழகைப் பார்க்காதீர்கள். நீங்கள் கலந்து பூசிய ஒரு பழுப்புக் கட்டத்தைக் காட்டி, அதே நிறத்தைக் கலந்து தரச் சொல்லுங்கள். சிவப்பு தூக்கலாக வந்தால் எதைச் சேர்ப்பது என்று சொல்லத் தெரிந்த குழந்தைக்குப் பாடம் சேர்ந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கும் குழந்தைக்கு ஆரஞ்சு ஏணியை இன்னொரு முறை கொடுக்க வேண்டும்.

இன்னொரு பாடவேளை கிடைத்தால், வின்சென்ட் வான்கோ 1888 ஆகஸ்டில் ஆர்ல் நகரில் வரைந்த, இப்போது லண்டன் தேசிய கலைக்கூடத்தில் உள்ள சூரியகாந்தி ஓவியத்தை எடுங்கள். பூவும் ஜாடியும் பின்புலமும் மஞ்சளாகவே இருக்கும் அந்தப் படத்துக்கு, ஒரே மஞ்சளை வெள்ளையாலும் ஆரஞ்சாலும் ஒரு துளி பச்சையாலும் எத்தனை மஞ்சள்களாகப் பிரிக்க முடியும் என்று எண்ணச் சொல்லலாம். வான்கோ பயன்படுத்திய குரோம் மஞ்சளில் ஒருவகை வெளிச்சம் பட்டால் காலப்போக்கில் பழுப்பேறக்கூடியது. அதில் ஈயமும் உண்டு. நாம் இன்று பார்க்கும் மஞ்சள் அவர் பூசிய நாளில் இருந்த மஞ்சள்தானா என்ற கேள்வியை அந்த வகுப்பில் எழுப்பிவிட்டு, குழந்தைகள் பூசிய ஒரு கட்டத்தைப் பாதி மறைத்து ஜன்னலில் ஒட்டி வையுங்கள். ஆண்டு இறுதியில் தாளைப் பிரித்துப் பார்க்கலாம்.